அது எது? – சுட்டுப்பெயர்த் தெளிவு

பாட நோக்கம்

தொடர்களில் வரும் சுட்டுப்பெயர் எப்பெயரைக் குறிக்கிறது என்று ஆராய்ந்தறிதல். பொருள் மயக்கம் தரும் இடங்களைக் கண்டு திருத்தி எழுதுதல்.

1. விரல் இல்லாத சுட்டு

மாணவர்களே! கடைக்குச் சென்று, "அதைக் கொடுங்கள்" என்று கேட்கிறீர்கள். கடைக்காரர் உங்கள் விரலையும் பார்வையையும் நோக்கி, நீங்கள் விரும்பும் பொருளை எடுத்துத் தருகிறார். அவருக்கு ஐயம் தோன்றினால், "எதை?" என்று உடனே கேட்டுவிடுவார்.

எழுத்தில் இவ்விரண்டும் இல்லை. தாளில் எழுதிய 'அது' என்னும் சொல்லுக்கு விரல் கிடையாது. படிப்பவர் தொலைவில் இருப்பதால், "எது?" என்று உங்களிடம் கேட்கவும் இயலாது. அவர் தமக்குப் பொருத்தமாகத் தோன்றும் ஒரு பெயரை எடுத்துக்கொண்டு மேலே படிப்பார். அவர் எடுத்துக்கொண்ட பெயர் தவறானதாயின், அத்தவறு அவருக்கும் தெரியாது, எழுதியவருக்கும் தெரியாது.

தமிழில் அ, இ, உ என்னும் மூன்றும் சுட்டெழுத்துகள். இவற்றுள் 'அ' சேய்மையையும் 'இ' அண்மையையும் காட்டும். 'உ' இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதைக் காட்டும். இன்று அது பெரும்பாலும் வழக்கொழிந்தது. எனினும், இலங்கைத் தமிழர் பேச்சில் 'உது', 'உவன்' முதலிய சொற்களை இன்றும் கேட்கலாம். அவன், அவள், அவர், அது, அவை, இவன், இது முதலிய சொற்கள் இச்சுட்டெழுத்துகளிலிருந்து பிறந்தவை. இவை சுட்டுப்பெயர்கள் எனப்படும். சுட்டுப்பெயர் எப்பெயருக்காக வருகிறதோ அப்பெயரை இப்பாடத்தில் 'சுட்டப்படும் பெயர்' என்று வழங்குவோம்.

2. தமிழ் தரும் துணைகள்

பின்வரும் தொடர்களைப் படியுங்கள்.

*மாலதியும் குமரனும் நூலகத்திற்குச் சென்றனர். அவள் ஒரு கதைநூலை எடுத்தாள்.*

இங்கு 'அவள்' என்பது மாலதியையே குறிக்கும். சுட்டுப்பெயரும் 'எடுத்தாள்' என்னும் வினைமுற்றின் விகுதியும் பெண்பாலைக் காட்டுகின்றன. தமிழில் உயர்திணைச் சுட்டுப்பெயர்கள் ஆண்பால், பெண்பால், பலர்பால் என்று பிரிந்து நிற்பதால் பல இடங்களில் மயக்கம் எழுவதில்லை. கன்னடத்திலும் இத்தகைய பிரிவு உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள்.

எனினும், இத்துணை மூன்று இடங்களில் பயன்படாமற் போகிறது.

முதலாவது, முன்வந்த இரு பெயர்களும் ஒரே பாலாக இருக்கும் இடம். *மாலதியும் வேணியும் நூலகத்திற்குச் சென்றனர். அவள் ஒரு கதைநூலை எடுத்தாள்* என்று எழுதினால், எடுத்தவள் யார் என்பது விளங்காது.

இரண்டாவது, மரியாதைக்காக 'அவர்' என்று எழுதும் இடம். தாத்தாவும் 'அவர்', பாட்டியும் 'அவர்'. *தாத்தாவும் பாட்டியும் சேலத்திலிருந்து வந்தனர். அவர் நேற்றே திரும்பிவிட்டார்* என்பதில் திரும்பியவர் தாத்தாவா, பாட்டியா? பாலைக் காட்டும் விகுதி மரியாதையில் மறைந்துவிட்டது.

மூன்றாவது, அஃறிணை. ஏரி, சிலை, மாத்திரை, நூல், மழை, முடிவு, நிகழ்ச்சி ஆகிய ஒவ்வொன்றும் 'அது' என்றே சுட்டப்படும். எனவே, மயக்கம் மிகுதியாக எழுவது அஃறிணைச் சுட்டுப்பெயர்களிலேயே ஆகும்.

3. ஒரு குறிப்பும் இரண்டு மாத்திரைகளும்

நோயுற்ற பாட்டியைப் பார்த்துக்கொள்ளுமாறு பக்கத்து வீட்டு அத்தையிடம் கூறிவிட்டு, ஒருவர் பின்வரும் குறிப்பை எழுதி வைத்துச் சென்றார் எனக் கொள்வோம்.

*காலையில் வெள்ளை மாத்திரை. இரவில் மஞ்சள் மாத்திரை. உணவுக்குப் பின் அதைக் கொடுங்கள். மயக்கம் வந்தால் அதை நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள்.*

இக்குறிப்பில் 'அதை' இரு முறை வருகிறது. உணவுக்குப் பின் கொடுக்க வேண்டியது எது? இறுதியில் வந்த மஞ்சள் மாத்திரை மட்டுமா, இரண்டுமா? மயக்கம் வந்தால் நிறுத்த வேண்டியது எது? குறிப்பை எழுதியவர் மனத்தில் விடை இருந்தது. அத்தையின் கையில் இருப்பதோ தாள் மட்டுமே. வெள்ளை மாத்திரையை நிறுத்த வேண்டிய நிலையில் மஞ்சள் மாத்திரையை நிறுத்திவிட்டால் தீங்கு பாட்டிக்கே நேரும்.

எழுதியவர் இரண்டு மாத்திரைகளையும் கருதியிருந்தால், முதலில் 'அதை' என்று எழுதியதே பிழை. 'அது' ஒருமை, 'அவை' பன்மை. அவை என்னும் சொல் இரண்டாம் வேற்றுமை உருபை ஏற்கும்போது 'அவற்றை' என்றாகும். பேச்சில் ஒன்றையும் பலவற்றையும் 'அதை' என்றே கூறிவிடுகிறோம். எழுத்தில் அவ்வாறு கூறினால், பன்மை தரக்கூடிய தெளிவை இழக்கிறோம்.

திருத்திய குறிப்பு:

*காலையில் வெள்ளை மாத்திரை. இரவில் மஞ்சள் மாத்திரை. இரண்டையும் உணவுக்குப் பின்னரே கொடுங்கள். மயக்கம் வந்தால் வெள்ளை மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள்.*

இங்கு 'மாத்திரை' என்னும் சொல் மும்முறை வருகிறது. இவ்வாறு மீண்டும் வருவது குற்றமன்று. தெளிவு வேண்டிய இடத்தில் பெயரைத் திரும்பக் கூறுவதே முறை.

4. இரு சிலைகள்: ஒரு பத்தியை ஆராய்தல்

பெங்களூரில் அல்சூர் ஏரியின் அருகே திருவள்ளுவர் சிலை இருப்பதை உங்களுள் பலர் கண்டிருப்பீர்கள். சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை உள்ளது. திருவள்ளுவர் இரண்டடிக் குறள்களால் அறம் உரைத்தவர்; சர்வக்ஞர் மூன்றடிப் பாக்களால் அறம் உரைத்தவர். இவ்விரு சிலைகளைப் பற்றி ஒரு மாணவர் எழுதியதாகப் பின்வரும் பத்தியைக் கொள்வோம்.

*(1) பெங்களூரில் அல்சூர் ஏரிக்கருகே திருவள்ளுவர் சிலை உள்ளது. (2) சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞர் சிலை உள்ளது. (3) அது 1991இல் நிறுவப்பட்டது. (4) ஆனால், பதினெட்டு ஆண்டுகள் மூடியே இருந்தது. (5) 2009 ஆகஸ்டு 9ஆம் நாள் கருணாநிதி அதனைத் திறந்துவைத்தார். (6) நான்கு நாள் கழித்து எடியூரப்பா இதனைத் திறந்துவைத்தார். (7) அப்போது அவர் முதலமைச்சராக இருந்தார். (8) இதில் இரு முதலமைச்சர்களும் கலந்துகொண்டனர்.*

ஒவ்வொரு தொடரிலும் எழுத்துப்பிழை இல்லை, சந்திப்பிழை இல்லை. தனித்தனியே படித்தால் எல்லாம் நன்றாகவே தோன்றும். பிழை, தொடருக்கும் தொடருக்கும் இடையே உள்ளது.

*தொடர் 3.* 'அது' என்பதற்கு மிக அருகில் உள்ள பெயர் சர்வக்ஞர் சிலை. படிப்பவர் அதனையே எடுத்துக்கொள்வார். ஆனால் உண்மையில் 1991இல் நிறுவப்பட்டது திருவள்ளுவர் சிலை. ஒரு சொல்லின் தெளிவின்மையால் வரலாறே இடம் மாறிவிடுகிறது.

*தொடர் 4.* இங்குச் சுட்டுப்பெயரே இல்லை. தமிழில் எழுவாயைக் கூறாமலும் தொடர் அமைக்கலாம். அவ்வாறு மறைந்த எழுவாயைத் தோன்றா எழுவாய் என்பர். படிப்பவர் முன் தொடரின் எழுவாயையே இதற்கும் கொள்வார். எனவே, தொடர் 3இல் எழுந்த பிழை இங்கும் தொடர்கிறது. சென்னையில் இருந்த சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடியிருந்தது என்று அவர் முடிவு செய்வார். உண்மையில் அவ்வளவு காலம் திறக்கப்படாமல் இருந்தது பெங்களூரில் உள்ள திருவள்ளுவர் சிலையே.

*தொடர்கள் 5, 6.* எழுதியவர் 'அதனை' என்பதால் ஒரு சிலையையும் 'இதனை' என்பதால் மற்றொரு சிலையையும் குறிக்க முயன்றுள்ளார். நேரில் பேசும்போது அண்மையும் சேய்மையும் நிற்கும் இடத்தைப் பொறுத்து விளங்கும். பெங்களூரில் இருந்து படிப்பவருக்கு அண்மையில் இருப்பது திருவள்ளுவர் சிலை. சென்னையில் இருந்து படிப்பவருக்கு அண்மையில் இருப்பது சர்வக்ஞர் சிலை. பத்தியின் வரிசையை நோக்கினாலோ, அண்மையில் வந்த பெயர் வேறாகலாம். ஆகவே, இரு பொருள்களைப் பிரித்துக் காட்ட அது, இது என்பன மட்டும் போதா.

*தொடர் 7.* 'அவர்' என்பது எடியூரப்பாவையா, கருணாநிதியையா? இருவரும் அப்போது முதலமைச்சர்களே. ஆகவே, எவரைக் கொண்டாலும் தொடர் பொய்யாகாது. ஆயினும் எந்த மாநிலத்தின் முதலமைச்சர் என்பது படிப்பவருக்குக் கிடைக்கவில்லை. உண்மையான தொடரும் தெளிவற்றதாக இருக்கலாம் என்பதற்கு இது சான்று.

*தொடர் 8.* 'இதில்' என்பது எதில்? இரண்டாவது விழாவிலா, இரு விழாக்களிலுமா? முன்வந்த தொடர்களில் 'விழா' என்னும் சொல்லே இல்லை. முன் கூறிய நிகழ்ச்சி முழுவதையும் ஒரு 'இது' என்னும் சொல்லில் அடக்க எழுதியவர் முயன்றுள்ளார். எத்துணை அளவு அடங்கியது என்பது படிப்பவருக்குத் தெரியாது.

இப்பத்தியைப் பின்வருமாறு திருத்தலாம்.

*பெங்களூரில் அல்சூர் ஏரிக்கருகே திருவள்ளுவர் சிலை உள்ளது. 1991இல் நிறுவப்பட்ட இச்சிலை பதினெட்டு ஆண்டுகள் திறக்கப்படாமல் மூடியே இருந்தது. 2009 ஆகஸ்டு 9ஆம் நாள் தமிழ்நாட்டு முதலமைச்சர் மு. கருணாநிதி இதனைத் திறந்துவைத்தார். நான்கு நாள் கழித்து, ஆகஸ்டு 13ஆம் நாள், சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞர் சிலையைக் கர்நாடக முதலமைச்சர் பி. எஸ். எடியூரப்பா திறந்துவைத்தார். இவ்விரு விழாக்களிலும் இரு முதலமைச்சர்களும் கலந்துகொண்டனர்.*

திருத்திய பத்தியிலும் 'இதனை' என்னும் சுட்டுப்பெயர் இருப்பதைக் காண்க. அவ்விடத்தில் ஒரு சிலையே பேசப்பட்டதால் மயக்கம் இல்லை. திருத்தியவர் செய்தது மூன்று செயல்களே: ஒரு சிலையைப் பற்றிய செய்திகளை முடித்த பிறகே மற்றொரு சிலையைப் பற்றிக் கூறினார், 'அது' என்பதற்கு மாற்றாக 'இச்சிலை' என்றார், 'இதில்' என்பதற்கு மாற்றாக 'இவ்விரு விழாக்களிலும்' என்றார்.

5. தனித்து நிற்கும் 'இது'

தொடர் 8இல் கண்ட பிழை கட்டுரைகளில் அடிக்கடி வருவது. மற்றோர் எடுத்துக்காட்டைக் காண்போம்.

*மழையால் சாலையில் நீர் தேங்கியது. பள்ளிப் பேருந்து ஒரு மணி நேரம் தாமதமாக வந்தது. தலைமையாசிரியர் தேர்வைத் தள்ளிவைத்தார். இதனால் மாணவர்கள் வருந்தினர்.*

வருத்தத்திற்குக் காரணம் மழையா, தாமதமா, தேர்வு தள்ளிப்போனதா? 'இதனால்' என்னும் சொல் மூன்றையும் தொடுகிறது, எதையும் பற்றவில்லை. இம்மயக்கத்தை நீக்க எளிய வழி, சுட்டை அடுத்து ஒரு பெயரைச் சேர்த்தல்: *இத்தாமதத்தால், இம்முடிவால், இந்த மழையால்.* எப்பெயரைச் சேர்ப்பது என்று எண்ணும்போது, நாம் கூற வந்த கருத்து நமக்கே தெளிவாகும். சேர்ப்பதற்குப் பெயர் ஒன்றும் கிடைக்கவில்லை எனில், நாம் கூற வந்ததை இன்னும் முடிவு செய்யவில்லை என்பது பொருள்.

6. தன், தம் என்பவற்றின் பயன்

பின்வரும் இரு தொடர்களை ஒப்பிடுக.

*மாலதி வேணியிடம் தன் குடையைக் கொடுத்தாள்.*
*மாலதி வேணியிடம் அவள் குடையைக் கொடுத்தாள்.*

முதல் தொடரில் குடை மாலதியுடையது. 'தன்' என்பது தொடரின் எழுவாயைக் குறிக்கும். இரண்டாம் தொடரில் குடை வேணியுடையதாகலாம். முன்னரே பேசப்பட்ட வேறொருத்தியுடையதும் ஆகலாம். எழுவாய்க்கு உரியதைக் கூறும்போது 'தன்' என்பதையும், மரியாதைக்கு உரியவராயின் 'தம்' என்பதையும் வழங்கினால் மயக்கம் எழாது. பன்மையிலும் 'தம்' வரும்.

7. தொல்காப்பியம் கூறும் முறை

சுட்டுப்பெயர் நிற்கும் இடத்தைப் பற்றிப் பழந்தமிழ் இலக்கண நூலாகிய தொல்காப்பியமும் பேசுகிறது. அதன் சொல்லதிகாரத்தில் கிளவியாக்கம் என்னும் இயலில் ஒரு விதி உண்டு. ஒருவரின் இயற்பெயரும் அவரைக் குறிக்கும் சுட்டுப்பெயரும் வினைகொண்டு வருமாயின், இயற்பெயரை முன்னும் சுட்டுப்பெயரைப் பின்னும் கூற வேண்டும் என்பது அவ்விதியின் கருத்து. *கண்ணன் வந்தான், அவனுக்கு நீர் கொடு* என்பது முறை. *அவன் வந்தான், கண்ணனுக்கு நீர் கொடு* என்றால், 'அவன்' வேறொருவன் என்று எண்ண நேரிடும். செய்யுளில் மட்டும் சுட்டுப்பெயர் முன்வரலாம் என்றும் தொல்காப்பியர் விலக்குக் கூறுகிறார்.

இவ்விதி வரிசையைப் பற்றியது. பெயர் முன்வந்தால் மட்டும் போதாது. அவ்வாறு முன்வந்த பெயர்களுள் ஒன்று மட்டுமே சுட்டுக்குப் பொருந்த வேண்டும் என்பதைச் சிலைகள் பற்றிய பத்தியில் கண்டோம்.

8. ஆராயும் முறை

நீங்கள் எழுதிய பத்தியைப் பின்வருமாறு ஆராயலாம். முதலில் அது, இது, அவர், அங்கு, அப்போது முதலிய சுட்டுச்சொற்களை அடிக்கோடிடுக. எழுவாய் மறைந்த தொடர்களையும் குறித்துக்கொள்க. அடுத்து, ஒவ்வொரு சுட்டுச்சொல்லின் இடத்திலும் முன்வந்த பெயர்களை ஒவ்வொன்றாக வைத்துப் படிக்க. ஒரு பெயர் மட்டும் பொருந்தினால் சுட்டுச்சொல்லை அப்படியே விடுக. இரு பெயர்கள் பொருந்தினால் பெயரையே எழுதுக. எப்பெயரும் பொருந்தவில்லையெனில் சுட்டுடன் ஒரு பெயரைச் சேர்த்து எழுதுக.

இரண்டு பொருள்களை ஒப்பிடும்போது 'முன்னது', 'பின்னது' என்னும் சொற்களையும் வழங்கலாம். *அல்சூரில் திருவள்ளுவர் சிலையும் அயனாவரத்தில் சர்வக்ஞர் சிலையும் உள்ளன. முன்னது பதினெட்டு ஆண்டுகள் மூடியிருந்தது.* மூன்று பொருள்கள் வந்தால் இச்சொற்கள் உதவா.

எல்லாச் சுட்டுப்பெயர்களையும் நீக்கிவிடுதல் முறையன்று. *குமரன் வந்தான். குமரன் அமர்ந்தான். குமரன் நூலைத் திறந்தான்* என்று எழுதினால், மூன்று குமரன்கள் இருக்கிறார்களோ என்னும் ஐயமே தோன்றும்.

பயிற்சி

அ. பின்வரும் பகுதிகளில் தெளிவற்ற சொல்லை அடிக்கோடிட்டு, அடைப்புக்குறியில் உள்ள குறிப்பின் துணையால் திருத்தி எழுதுக.

1. லால்பாக் தோட்டத்தை ஐதர் அலி தொடங்கினார். அவர் மகன் திப்பு சுல்தான் அதனை விரிவாக்கினார். அவர் பிற நாடுகளிலிருந்தும் செடிகளை வரவழைத்தார். (வரவழைத்தவர் திப்பு)

2. காவிரியாற்றின் சிவசமுத்திரத்திலிருந்து 1902இல் கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் சென்றது. 1905இல் பெங்களூருக்கும் மின்சாரம் வந்தது. அங்கு தமிழ்த் தொழிலாளர் பலர் பணிபுரிந்தனர். (பணிபுரிந்த இடம் தங்கவயல்)

3. கூடையில் மாம்பழங்களும் ஒரு தேங்காயும் இருந்தன. அதைக் கழுவி வை. (கழுவ வேண்டியவை மாம்பழங்கள்)

ஆ. பொருள் வேறுபாட்டை எழுதுக.

1. ஆசிரியர் தலைமையாசிரியரிடம் தம் கடிதத்தைக் காட்டினார்.
2. ஆசிரியர் தலைமையாசிரியரிடம் அவர் கடிதத்தைக் காட்டினார்.

இ. பயிற்சி அ-வின் முதல் பகுதியில் 'அவர்' இரு முறை வருகிறது. முதலில் வரும் 'அவர்' ஏன் தெளிவாக உள்ளது? இரண்டாவது 'அவர்' ஏன் தெளிவாக இல்லை? இரண்டு தொடர்களில் விடை எழுதுக.

ஈ. உங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை, அவ்வழியை அறியாத உறவினர் ஒருவருக்கு எட்டுத் தொடர்களில் எழுதுக. எழுதியதை அருகில் உள்ள மாணவரிடம் கொடுத்து, ஒவ்வொரு 'அது', 'அங்கு' என்னும் சொல்லுக்கும் நேரே சுட்டப்படும் பெயரை அவரையே எழுதச் செய்க. அவர் எழுதிய பெயர் நீங்கள் கருதிய பெயராக இல்லாத தொடரைத் திருத்துக.